உதவி: நெட்வொர்க்கிங் நிகழ்ச்சியில் பேச்சு ரெண்டு நிமிஷத்துல செத்துப்போகுது

வெண்பலகை (இழை தொடங்கியவர்)
அவசரம். வியாழக்கிழமை மறுபடியும் ஒரு நிகழ்ச்சிக்குப் போகணும். எனக்குக் கூச்சம் ஜாஸ்தி. ஆரம்பிக்கறது எப்படியோ சமாளிச்சுடறேன், அதுக்கப்புறம் பேச்சு நின்னுடுது. நின்னதும் அந்த இடத்தை விட்டு நகரவும் தெரியல. யாராவது வழி சொல்லுங்க.

ராகவன்7
வீட்டிலேயே இருபது கேள்வி எழுதி மனப்பாடம் பண்ணிக்கங்க. ஒண்ணு தீர்ந்தா அடுத்தது. நான் அப்படித்தான் செய்யறேன், அமைதிங்கற பேச்சுக்கே இடமில்ல.

தேன்மொழி
என்ன மாதிரி நிகழ்ச்சி? நின்னுக்கிட்டே பேசறதா, மேசையில உட்கார்ந்தா? தனியா போறீங்களா? உங்க வேலை என்ன? இதெல்லாம் தெரியாம என்ன சொன்னாலும் குத்துமதிப்புதான்.

இளங்கோ_எஸ்
எனக்கும் இதே பிரச்சினை. வீடியோ மீட்டிங்ல எல்லாரும் சேர்ற வரைக்கும் என்ன பேசறதுன்னே தெரியாது. நான் கேமராவை அணைச்சு வெச்சுடுவேன். நீங்களும் செஞ்சு பாருங்க.

தேன்மொழி
இளங்கோ தம்பி, அவர் நேர்ல நடக்கிற நிகழ்ச்சியைக் கேட்கிறார்.

ஞானவேல்_பழையவர்
இந்தக் கேள்வி இங்கே மாசத்துக்கு ஒரு தடவை வருது. தேடிப் பார்க்கிற பழக்கமே இப்ப யாருக்கும் இல்லை. அடுத்தவர் மேல் உண்மையான அக்கறை இருந்தால் பேச்சு தானாக வரும். அக்கறை இல்லாதவர்தான் வழிமுறை கேட்பார்.

பூவிழி
ஞானவேல் சார், அக்கறை இருந்தும் வாய் வராதவங்கதான் கூச்சக்காரங்க. அப்படிச் சொன்னா கேட்டவர் ஓடியே போயிடுவார்.

வெண்பலகை
மன்னிக்கணும், வேலையா இருந்தேன். நின்னு பேசற நிகழ்ச்சி, தனியாத்தான் போறேன். சொந்தமா பேக்கேஜிங் டிசைன் பண்றேன்.

தேன்மொழி
சரி. கடைசியா நின்னுபோன ஒரு பேச்சை ஞாபகம் இருக்கிற வரைக்கும் அப்படியே எழுதுங்க. நீங்க சொன்னது, அவங்க சொன்னது, ரெண்டும். சுருக்க வேண்டாம்.

வெண்பலகை
இதுதான் நடந்தது:

நான்: வணக்கம், என் பேர் இன்னது. நீங்க என்ன பண்றீங்க?
அவர்: மருந்து கொண்டுபோற வண்டிகளைப் பார்த்துக்கற வேலை.
நான்: ஓ, நல்லது. எத்தனை வருஷமா?
அவர்: ஆறு வருஷம். இப்பதான் குளிர்சாதன வண்டிக்கு மாறினோம், அதுலயே தலை சுத்துது.
நான்: அப்படியா. எந்த ஊர்?
அவர்: (சொன்னார்.) நீங்க என்ன பண்றீங்க?
நான்: பேக்கேஜிங் டிசைன்.
அவர்: ஓ, நல்லது.

அவ்வளவுதான். ரெண்டு பேரும் சும்மா நின்னோம். நான் போனை எடுத்துட்டேன்.

ராகவன்7
பார்த்தீங்களா, கேள்வி தீர்ந்துபோச்சு. என்கிட்ட இருந்த மாதிரி இருபது இருந்திருந்தா இந்த நிலைமை வந்திருக்காது.

தேன்மொழி
இல்லை ராகவன், கேள்வி தீரலை. கையில கிடைச்சதை விட்டுட்டார், அதுதான் நடந்தது.

வெண்பலகை, நான் இந்த மாதிரி நிகழ்ச்சிகளை ரொம்ப நாளா ஏற்பாடு பண்றவ. ஓரமா நின்னு கவனிக்கறதே என் வேலையில பாதி. நீங்க எழுதினதுல நாலாவது வரியைத் திரும்பப் படிங்க. நீங்க வருஷக்கணக்குதான் கேட்டீங்க. அவர் "ஆறு வருஷம்"னு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாம, கேட்காததையும் சேர்த்துச் சொன்னார்: வண்டி மாறினோம், தலை சுத்துது. ஒருத்தர் கேட்டதுக்கு மேல ஒரு வாக்கியம் சேர்த்தா, அதைப் பத்திப் பேச அவர் தயார்னு அர்த்தம். உங்க அடுத்த கேள்வி அந்த வாக்கியத்துக்குள்ள இருந்து வந்திருக்கணும். நீங்க "எந்த ஊர்"னு விண்ணப்பப் படிவத்தோட அடுத்த கட்டத்துக்குப் போயிட்டீங்க. அவரும் படிவத்தை நிரப்புறவர் மாதிரி பதில் சொல்லிட்டு, அதே கேள்வியை உங்ககிட்டத் திருப்பினார்.

அங்கே கேட்டிருக்க வேண்டியது: "மாறினதுல எது ரொம்பப் படுத்துது?" இதுக்கு ஒரே வார்த்தையில பதில் சொல்ல முடியாது. சில மருந்துகளை 2-லிருந்து 8 டிகிரிக்குள்ளதான் வெச்சிருக்கணும். கதவைத் திறந்து திறந்து சரக்கு இறக்கும்போது உள்ளே சூடு ஏறும்னு அவர் சொல்லலாம். அப்ப "அதை எப்படிக் கண்டுபிடிக்கறீங்க, இறக்கின பிறகா, வழியிலயேவா?"னு கேட்கலாம். உங்களுக்கு வண்டி பத்தி ஒண்ணும் தெரிய வேண்டாம். அவர் கடைசியா சொன்னதைப் பிடிச்சா போதும்.

ஞானவேல்_பழையவர்
நான் சொன்ன அக்கறையும் இதுதானே.

தேன்மொழி
அக்கறை உள்ளே இருந்து பிரயோஜனமில்லை சார், எதிர்ல நிக்கிறவருக்குத் தெரியணும். அதைத் தெரியவைக்கிறது அந்த ரெண்டாவது கேள்விதான்.

பூவிழி
என் விஷயம் நேர் எதிர் அக்கா. நான் ரெண்டாவது கேள்வி கேட்டா எதிர்ல இருக்கிறவர் முக்கால் மணி நேரம் பேசுவார். நான் தலையாட்டிக்கிட்டே நிப்பேன்.

தேன்மொழி
அதுக்கும் வரேன் பூவிழி. முதல்ல வெண்பலகை தவறவிட்ட இன்னொரு இடம். அவர் "நீங்க?"ன்னு கேட்டதுக்கு "பேக்கேஜிங் டிசைன்"னு ரெண்டு வார்த்தை. அதுல அவர் பிடிச்சுக்க எதுவுமே இல்லை. யாருக்காகச் செய்யறீங்க, இப்ப எதுல மாட்டிக்கிட்டு இருக்கீங்க, இந்த ரெண்டையும் சேர்த்துச் சொல்லுங்க. "கண்ணாடிச் சாமான் அனுப்பறவங்களுக்குப் பெட்டி வடிவமைக்கிறேன். பெட்டியைச் சின்னதாக்கணும்னு கேட்கிறாங்க, சின்னதாக்கினா உள்ளே உடையுது, அதோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன்." சரக்கு வண்டிக்காரர் இதைக் கேட்டு "ஓ, நல்லது"ன்னு விடமாட்டார். உடைஞ்ச சரக்கு அவரும் பார்த்திருப்பார்.

தொடர் கேள்விக்கும் ஒரு அளவு உண்டு. என் கணக்குல ரெண்டு கேள்விக்கு ஒருமுறையாவது உங்க பக்கத்துல இருந்து ஒண்ணு சொல்லணும். இல்லேன்னா விசாரணை மாதிரி ஆகிடும்.

ராகவன்7
ஆனா ஆரம்பிக்கற கேள்வியாவது முன்னாடியே தயார் பண்ணணுமே? அதையும் வேண்டாம்னு சொல்லுவீங்களா?

தேன்மொழி
வேண்டாம்னு சொல்ல மாட்டேன், அங்க நீங்க சொல்றது சரி. பதற்றத்துல இருக்கும்போது முதல் வாக்கியம் கையில இருக்கறது பெரிய ஆறுதல். ஆனா ஒண்ணு ரெண்டு போதும், அதுவும் ரெண்டு பேரும் ஒரே இடத்துல இருக்கோம்ங்கறதுல இருந்து வரணும். உரை முடிஞ்சதும் "எப்படி இருந்துச்சு?"ன்னு கேட்டா "நல்லா இருந்துச்சு"தான் வரும். "இன்னிக்கு எதைத் தெரிஞ்சுக்கணும்னு வந்தீங்க?"ன்னு கேட்டா அவர் வேலையும் வரும், கூடவே அவர் தேவையும் வரும்.

யார்கிட்ட போறதுங்கறதும் முக்கியம். ஆடம் கெண்டன்னு ஒரு ஆய்வாளர், மனுஷங்க நின்னு பேசும்போது உடம்பை எப்படித் திருப்பி வெச்சு நடுவுல ஒரு பொது இடத்தை உண்டாக்கறாங்கன்னு விரிவா எழுதியிருக்கார். ரெண்டு பேர் நேருக்கு நேரா, பாதம் ஒருத்தரையொருத்தர் பார்த்து நின்னா உள்ளே போகாதீங்க. பக்கவாட்டுல திரும்பி ஒரு பக்கம் திறந்து நின்னா அங்க இடம் இருக்கு. தனியா நிக்கிறவர் இன்னும் சுலபம், அவரும் யாராவது வரமாட்டாங்களான்னுதான் பெரும்பாலும் நிக்கிறார்.

பூவிழி
அக்கா, வெளியே வர்றது?

ராகவன்7
போன் வருதுன்னு சொல்லி நகர்ந்துடுங்க. யாருக்கும் மனசு நோகாது.

ஞானவேல்_பழையவர்
பொய் சொல்லித்தான் தப்பிக்க வேண்டுமா? பத்து நிமிடம் கழித்து அவர் உங்களை வேறு ஒருவரோடு சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தால்?

ராகவன்7
அதனால ஒண்ணும் குடி முழுகிடாது சார். மென்மையான பொய்யை விட முகத்துக்கு நேரா "நான் போறேன்"னு சொல்றதுதான் காயப்படுத்தும்.

ஞானவேல்_பழையவர்
காயம் பொய்யில்தான். முப்பது வருடம் விற்பனைத் துறையில் இருந்தவன் சொல்கிறேன். ஒரே துறைக்காரர்கள் மறுபடி மறுபடி சந்திப்பார்கள்.

ராகவன்7
உங்க காலத்து விற்பனை வேற சார். இப்ப அந்தப் போன் சாக்கை யாரும் பெரிசா எடுத்துக்கறதில்லை.

தேன்மொழி
ரெண்டு பேரும் கொஞ்சம் இருங்க. பொய்யும் வேண்டாம், முகத்துல அடிச்ச மாதிரியும் வேண்டாம். அவர் சொன்னதுல ஒண்ணைத் திருப்பிச் சொல்லுங்க, அடுத்து என்ன செய்யப் போறீங்கன்னு சொல்லுங்க, நன்றி சொல்லி உடனே நகருங்க. "அந்தக் கதவு விஷயம் எனக்குப் புதுசு, பெட்டி வரையும்போது யோசிப்பேன். இன்னும் ஒண்ணு ரெண்டு பேரைப் பார்க்கணும்னு வந்தேன், அப்படியே நகர்றேன். ரொம்ப நன்றி."

பூவிழி, விடாம பேசறவர்கிட்ட அமைதி வரும்னு காத்திருக்காதீங்க, வராது. அவர் ஒரு கதையை முடிக்கிற இடத்துல அதே கதையைத் தொட்டு ஆரம்பிங்க. விடைபெறும்போது புதுக் கேள்வி மட்டும் கேட்டுடாதீங்க. "போயிட்டு வரேன்... அது சரி, உங்க ஆபீஸ் எங்கே?"ன்னு மரியாதைக்குக் கேட்டு மாட்டிக்கறவங்களை நிறைய பார்த்திருக்கேன். இன்னொண்ணு, யாரையோ பார்க்கணும்னு சொல்லிட்டுச் சுவரோரம் தனியா நிக்காதீங்க. சொன்ன திசையில நிஜமாவே போங்க.

பூவிழி
நான் பாதியில கிளம்பினா அவருக்கு வருத்தமா இருக்காதா?

தேன்மொழி
2021-ல ஆடம் மாஸ்ட்ரோயானியும் மற்றவங்களும் வெளியிட்ட ஆய்வு ஒண்ணு இருக்கு. ரெண்டு பேரும் விரும்பின நேரத்துல முடிஞ்ச உரையாடல் சுமார் 2 சதவீதம்தான். எதிர்ல இருக்கிறவர் எப்ப முடிக்க விரும்பறார்ங்கறதைப் பெரும்பாலும் சரியா ஊகிக்க முடியலை. அதனால உங்க முன்னாடி நிக்கிறவரும் எப்படிக் கிளம்பறதுன்னு தவிச்சுக்கிட்டு இருக்கலாம். இன்னும் பேசணும்னு இருந்தா, தொடர்பு எண் கேட்பார்.

ஞானவேல்_பழையவர்
ஒன்று கேட்கிறேன். ஒற்றை வார்த்தையில் மட்டுமே பதில் சொல்பவரை என்ன செய்வது? கேட்டதற்கு மேல் ஒரு வாக்கியம் சேர்க்க மாட்டார்கள். அங்கே உங்கள் முறை நிற்காது.

தேன்மொழி
நிற்காது சார், ஒத்துக்கறேன். ரெண்டு தொடர் கேள்விக்கு ஒத்தை வார்த்தை வந்து, பாதமும் வேற பக்கம் திரும்பியிருந்தா நன்றி சொல்லி நகர்ந்துடணும். ஆனா பாதம் நம்ம பக்கமே இருக்கு, பதில் மட்டும் சின்னதா வருதுன்னா அவரும் கூச்சக்காரரா இருக்கலாம். அப்ப கேள்வியை விட்டுட்டு நம்ம வேலை பத்தி ஒரு சிக்கலை முதல்ல சொல்லிப் பார்க்கலாம். சில நேரம் பலிக்கும், சில நேரம் பலிக்காது.

வெண்பலகை
போயிட்டு வந்தேன். மூணு பேர்கிட்ட பேசினேன். ஒருத்தர் அச்சகம் வெச்சிருக்கார், "மை காயவே மாட்டேங்குது"ன்னார், அதையே பிடிச்சுக் கேட்டேன், நல்லா போச்சு. எண் கொடுத்திருக்கார். இன்னொருத்தர்கிட்ட கிளம்பும்போது கேள்வி கேட்டு மாட்டிக்கிட்டேன். நன்றி அக்கா, எல்லாருக்கும் நன்றி.

பூவிழி
எண் வாங்கினீங்களே, அவருக்கு எத்தனை நாள் கழிச்சு என்ன எழுதப் போறீங்க?

ராகவன்7
அன்னிக்கு ராத்திரியே எழுதிடணும்.

ஞானவேல்_பழையவர்
தவறு. இரண்டு நாள் விட வேண்டும்.

தேன்மொழி
அந்த மை காய்ஞ்சுதான்னு கேட்டு எழுதுங்க வெண்பலகை. நாளைக்கே எழுதினாலும் சரிதான்.