பயாப்சியில் "தழும்பு மட்டும்" என்று வந்திருக்கிறது, ஆனால் உச்சந்தலை எரிச்சல் நிற்கவில்லை

மழைநாள்: எனக்கு 44 வயது. எட்டு மாதமாக உச்சந்தலை எரிகிறது, நிழலில் உட்கார்ந்திருந்தாலும் சுடுகிற மாதிரி இருக்கும், சீப்பு பட்டால் வலிக்கும். பொடுகு என்று நினைத்து ஷாம்பூவை மாற்றி மாற்றிப் போட்டதிலேயே ஐந்து மாதம் போய்விட்டது. இப்போது கட்டைவிரல் நகம் அளவுக்கு ஓரிடம் வழுவழுவென்று ஆகிவிட்டது. பயாப்சிக்கு அந்த வழுக்கையின் நடுவில்தான் எடுத்தார்கள். "தழும்பு இருக்கிறது, அழற்சி இல்லை, காரணம் சொல்ல முடியவில்லை" என்று அறிக்கை. அப்படியென்றால் நோய் முடிந்துவிட்டதா? மூன்று மாதம் பொறுத்துப் பார்க்கலாமா?

சாரல்77: அழற்சி இல்லை என்று எழுதியிருந்தால் அணைந்துவிட்டது என்றுதானே அர்த்தம். மீதி எரிச்சல் ஷாம்பூவால் இருக்கும். கீட்டோகொனசோல் போட்டுப் பாருங்கள், பொடுகுக்கும் எரிச்சலுக்கும் எனக்கு நன்றாகக் கேட்டது.

தென்றல்: எனக்கும் இதே மாதிரி வட்டமாகக் கொட்டியது, புழுவெட்டு என்றார்கள். ஊசி போட்டு நாலு மாதத்தில் முழுதும் முளைத்துவிட்டது. கவலைப்படாதீர்கள் அக்கா, முடி வந்துவிடும்.

நிழல்மரம்: தோல் மருத்துவராக இருக்கிறேன். தென்றல், உங்களுக்கு முளைத்தது சந்தோஷம், ஆனால் இது அதுவாகத் தெரியவில்லை. புழுவெட்டில் பொதுவாக எரிச்சலோ வலியோ இராது, கொட்டிய இடத்திலும் மயிர்க்கால்களின் துளைகள் அப்படியே இருக்கும், அதனால்தான் திரும்ப முளைக்கிறது. மழைநாள் சொல்வதுபோல் துளையே தெரியாமல் வழுவழுப்பாக இருந்தால் அங்கே மயிர்க்கால் போய்த் தழும்பு உட்கார்ந்துவிட்டது என்று சந்தேகப்பட வேண்டும்.

சாரல் சொன்ன ஷாம்பூ பொடுகுக்குச் சரிதான், ஆனால் அறிக்கையை அப்படிப் படிக்கக் கூடாது. லைக்கன் பிளானோபைலாரிஸ் மாதிரியான நோயில் நம் உடம்பின் எதிர்ப்பு அணுக்களே மயிர்க்காலின் மேல்பகுதியைத் தாக்குகின்றன. முடியைத் திரும்ப முளைக்க வைக்கிற மூல அணுக்கள் இருப்பது அங்கேதான், அவை அழிந்தால் அந்த முடி போனது போனதுதான். இந்தச் சண்டை நடப்பது முடி இன்னும் நிற்கிற ஓரத்தில். வழுக்கையின் நடுவில் எடுத்தால் எரிந்து முடிந்த சாம்பலைத்தான் பார்ப்பீர்கள், நெருப்பு வேறிடத்தில் இருக்கும். எரிச்சல் தொடர்வதால் நான் காத்திருக்கச் சொல்ல மாட்டேன்.

நல்ல வெளிச்சத்தில் யாரையாவது ஓரத்தைக் கிட்டத்தில் படம் எடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு முடியின் அடியிலும் கழுத்துப்பட்டி மாதிரி வெள்ளைச் செதில் ஒட்டியிருக்கிறதா, சுற்றிலும் நிறம் மாறியிருக்கிறதா?

மழைநாள்: மகள் எடுத்துப் பார்த்தாள். செதில் ஆமாம், நாலைந்து முடியில் குழாய் மாதிரி சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆனால் சிவப்பு எதுவும் இல்லையே?

நிழல்மரம்: மாநிறத் தோலில் சிவப்பு சிவப்பாகவே தெரியாது, பழுப்பாக அல்லது ஊதா கலந்த சாம்பலாக இருக்கும். சிவப்புக்காகக் காத்திருந்து நாளைக் கடத்தியவர்கள் நிறையப் பேர். படத்தோடு போய், தோலைப் பெரிதாக்கிக் காட்டுகிற டெர்மாஸ்கோப்பில் பார்த்து, செதில் உள்ள ஓரத்தில் முடியோடு சேர்த்து 4 மி.மீ. அளவில் மறுபடி பயாப்சி எடுக்க முடியுமா என்று கேளுங்கள். மரத்துப்போக ஊசி போட்டுத்தான் எடுப்பார்கள், ஒன்றிரண்டு தையல். எதிர்ப்பு அணுக்கள் உடம்பையே தாக்குகிற இன்னொரு நோயான லூபஸாலும் தழும்பு வரும், அதையும் இதில் பிரித்துப் பார்க்கலாம்.

கார்த்திகை: எனக்கு இந்த நோய் உறுதியாகி மூன்று வருடம் ஆகிறது. க்ளோபெட்டசால் தடவினேன், ஓரத்தில் ட்ரையம்சினோலோன் ஊசி போட்டார்கள், ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையும் சாப்பிட்டேன். மாத்திரை வேலை செய்கிறதா என்று தெரியவே ஐந்து மாதம் ஆனது, இரண்டாவது மாதத்தில் விட்டுவிடலாம் என்று இருந்தேன். முதலில் அடங்கியது எரிச்சல், அப்புறம்தான் கொட்டுவது நின்றது. போன முடி வரவில்லை, இருப்பது அப்படியே நிற்கிறது. அந்த மாத்திரை கண்ணைப் பாதிக்கலாம் என்பதால் கண் பரிசோதனை செய்யச் சொல்வார்கள், தவறவிடாதீர்கள்.

நிழல்மரம்: ஆமாம், மாத்திரையின் அளவும் உடல் எடையைப் பார்த்து வைப்பது, ஒரு நாளைக்கு கிலோவுக்கு 5 மி.கி. தாண்டக் கூடாது. நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

மழைநாள்: (ஐந்து வாரம் கழித்து) ஓரத்தில் எடுத்த பயாப்சியில் மயிர்க்காலின் மேல்பகுதியைச் சுற்றி அழற்சி, லைக்கன் பிளானோபைலாரிஸ் என்றே எழுதியிருக்கிறார்கள். இந்த நோய் வேறெங்கும் இருக்கிறதா என்று டாக்டர் வாயிலும் நகத்திலும் பார்த்தார், ஒன்றும் இல்லை. தடவுகிற மருந்தும் ஊசியும் தொடங்கியாயிற்று, கண் பார்த்த பிறகு மாத்திரை. எரிச்சல் பாதியாகிவிட்டது. ஆனால் வகிட்டின் இடது பக்கம் புதிதாக ஓரிடத்தில் தொட்டால் வலிக்கிறது, அங்கே முடி கொட்டவில்லை, செதிலும் தெரியவில்லை. அடுத்த தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, முன்னாடியே போகவா?

கார்த்திகை: போங்க. எனக்கு இரண்டாவது இடம் அப்படித்தான் ஆரம்பித்தது. தேதி வரட்டும் என்று இருந்துவிட்டேன், அந்த இடம்தான் இப்போது வெறுமையாக இருக்கிறது.