புதுப்பிப்பு: திரிபுராந்தகர் ஓவிய விடை

“ஓவியம் என்ன சொல்கிறது என்று கேட்டாலே மகளுக்குக் கை நடுங்குகிறது. ஐந்து மதிப்பெண்ணுக்கு எப்படித் தொடங்குவது?” போன வாரம் நான் கேட்டது இது.

மாதிரித் தேர்வு முடிந்தது, ஐந்துக்கு நான்கு. கும்பகோணத்து ஓவிய ஆசிரியர் சொன்ன வழிதான்: கண்ணில் பட்டது ஒரு வரி, அதை வரைந்திருக்கும் விதம் இரண்டு வரி, பிறகு ‘ஆகவே’ என்று தொடங்கிப் பொருள்.

வந்தது தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள திரிபுராந்தகர் ஓவியம், அதாவது அசுரர்களின் முப்புரத்தை அழிக்க வரும் சிவன். அவள் எழுதியது: “எட்டுக் கைகளோடு சிவன் தேரில் போருக்கு வருகிறார். கண்ணில் சினம், உதட்டில் புன்னகை. எதிரே அசுரர்களைப் பெண்கள் அஞ்சிப் பற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே வெற்றியோடு, தோற்பவர் வீட்டுத் துயரையும் ஓவியம் காட்டுகிறது.”

நாயக்கர் ஓவியத்துக்கு அடியிலிருந்து 1931-ல் இது தெரியவந்ததை முதலில் எழுதச் சொன்ன அண்ணா, தகவல் சரிதான். ஆனால் கேள்வி பொருளைப் பற்றியது. அதை எழுதியே முந்தைய தேர்வில் நேரம் போனது. வாட்டர் கலர் பிராண்டு கேட்ட அக்கா, இது வரையும் தேர்வு இல்லை!

கடைசியில் “ராஜராஜனின் போர் வெற்றியைக் குறிக்கிறது” என்று சேர்த்ததில்தான் ஒரு மதிப்பெண் போனது. படத்தில் சான்று இல்லையாம். கும்பகோணத்து ஆசிரியரோ, “குறிக்கலாம் என்று எழுதியிருந்தால் நான் போட்டிருப்பேன்” என்கிறார்.