"அக்கா, பாருங்க" என்று வந்த மூன்றாம் இயல்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து

போன மாசம் ராத்திரி ஒன்பதரைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வேர்டு கோப்பு வந்தது. அனுப்பியவள் பக்கத்து வீட்டுப் பெண். பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்துத் தமிழர் பேச்சில் கலக்கும் மலையாளச் சொற்கள் பற்றி பிஎச்.டி. செய்கிறாள். மூன்றாம் இயல், 38 பக்கம், ஓரத்தில் நெறியாளரின் குறிப்புகள் 57. கூடவே "அக்கா, பாருங்க" என்று மட்டும். பிழை திருத்தச் சொல்கிறாளா, குறிப்புக்கு அர்த்தம் கேட்கிறாளா, மனசு கஷ்டப்பட்டு யாரிடமாவது காட்டினால் போதும் என்று அனுப்பினாளா, ஒன்றும் தெரியவில்லை.

தமிழ் டீச்சராக இருந்த பழக்கத்தில் ஒற்றுப்பிழை திருத்த ஆரம்பித்துவிட்டேன். இரண்டாம் பக்கத்தில் நான் திருத்தி முடித்த பத்தியின் ஓரத்திலேயே "இந்தப் பகுதி முன் இயலுக்குப் போகட்டும்" என்று இருந்தது. அங்கேயே நிறுத்திவிட்டு, இயலை விட்டுக் குறிப்புகளை மட்டும் வரிசையாகப் படித்தேன்.

அப்போதுதான் கவனித்தேன், எழுத்துப்பிழை சொன்ன குறிப்புகள் எல்லாம் மங்கிச் சாம்பல் நிறத்தில் இருந்தன. அவளே திருத்தி, முடிந்தது என்று குறித்திருக்கிறாள். அப்படியென்றால் என்னிடம் கேட்பது அது இல்லை. மங்காமல் நின்றவற்றில் 14 குறிப்புகள் ஒரே கேள்வியைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்டன. உதாரணத்துக்கு, "இப்பகுதி மக்கள் தண்ணீரை வெள்ளம் என்றே சொல்கின்றனர்" என்று எழுதியிருக்கிறாள். ஓரத்தில் "எல்லோருமா?"

மறுநாள் இரண்டே கேள்விதான் கேட்டேன். இந்த 14க்கும் பதில் உன்னிடம் இருக்கிறதா? 23ஆம் பக்கத்தை மட்டும் ஏன் மஞ்சள் அடித்து விட்டிருக்கிறாய்? முதல் கேள்விக்கு அவள் நான்காம் இயலின் அட்டவணையைக் காட்டினாள். 32 பேரிடம் பதிவு செய்திருக்கிறாள், அதில் பெரும்பாலோர் வீட்டில் தண்ணி, ரேஷன் கடையிலும் வேலை செய்யும் இடத்திலும்தான் வெள்ளம். அவள் வாக்கியத்தை அவள் அட்டவணையே மறுக்கிறது. தரவு நான்கில், முடிவு மூன்றில். 14 குறிப்புக்கும் காரணம் இந்த ஒன்றுதான்.

23ஆம் பக்கத்தில் "இது உன் கருத்தா?" என்று இருந்தது. காப்பி அடித்ததாக கைடு நினைக்கிறார் என்று பயந்து நாலு நாளாகத் தூங்கவில்லையாம். பத்தியைப் படித்தால் விஷயம் வேறு. முந்தைய ஆய்வாளர் சொன்னதும் இவள் கண்டதும் ஒரே மூச்சில் வருகின்றன, எது யாருடையது என்று தெரியவில்லை. "ஆனால் என் பதிவுகளில்" என்று தொடங்கி அவளே ஒரு வாக்கியம் எழுதினாள். நான் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை.

செங்கோட்டையிலிருந்து

டீச்சர், காப்பி பயம் இருந்தால் சாஃப்ட்வேரில் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். யுஜிசி 2018இல் கொண்டுவந்த விதிப்படி ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து

விதி சரிதான் தம்பி. ஆனால் அவர் அதைக் கேட்கவே இல்லை. ஒப்புமை சுழியமாக இருந்தாலும் அந்தப் பத்தியில் அந்தக் கேள்வி அப்படியே நிற்கும்.

நகரியிலிருந்து

எதற்கு இவ்வளவு யோசனை? கையெழுத்துப் போடப்போவது கைடு. சொன்னதை ஒவ்வொன்றாகச் செய்துகொண்டே போனால் முடிந்தது.

பாறசாலையிலிருந்து

ஒவ்வொன்றாகச் செய்யப்போய்த்தான் என் தங்கச்சி ஆறு பக்கம் வீணாக எழுதினாள் அண்ணா. அவள் கைடு மலையாளி, அச்சுப் பிரதியில் பென்சிலால் மலையாளத்தில் எழுதுவார். எனக்கு போட்டோவாக வந்தது, அதிலும் பாதி மங்கல். ஒரு இடத்தில் "வேணோ?" இவள் அதை "வேணும்" என்று எடுத்துக்கொண்டு அந்தப் பகுதியை வளர்த்துவிட்டாள். அவர் கேட்டது "இது தேவையா?" என்று. அதனால் கேள்வியாக வந்த குறிப்பையும் செய்யச் சொன்ன குறிப்பையும் முதலில் தனித்தனியாகப் பிரித்துவிடுவேன். கேள்விக்குப் பதில்தான் வேண்டும், சில சமயம் அந்தப் பதிலுக்காக இயலில் ஒரு எழுத்தும் மாற்ற வேண்டியிருக்காது.

ஒரு சந்தேகம் டீச்சர், கைடு அவளுக்கென்று எழுதியதை நாம் படிப்பது அவருக்குத் தெரியுமா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து

தெரியாது. அதுதான் எனக்கும் உறுத்தல். சொல்லிவிடு என்றேன், தயங்குகிறாள். நன்றியுரையில் என் பெயர் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன், அது சரியா என்றும் தெரியவில்லை. 31ஆம் பக்கத்தில் "இது இப்போது வேண்டாம்" என்ற குறிப்பு இன்னும் அப்படியே இருக்கிறது. நீக்கச் சொல்கிறாரா, பின்னால் வைக்கச் சொல்கிறாரா என்று அவரிடமே கேட்க வெள்ளிக்கிழமை போகிறாள்.