வேலையை விட்டால் ஒப்ஷன் 10 வருசமா, 90 நாளா?

கொக்குவில்_கோடர்: யாழ்ப்பாணக் கிளையில 26 மாசமா வேலை. தாய்க் கம்பனி அமெரிக்காவில, இன்னும் பங்குச் சந்தைக்கு வரேல்லை. வேலைக் கடிதத்தில 4,800 ஒப்ஷன், அதாவது கம்பனிப் பங்கை ஒண்டு அரை டொலருக்கு வாங்கிற உரிமை. 4 வருச வெஸ்டிங், எண்டா அந்த உரிமை கொஞ்சம் கொஞ்சமாத்தான் கைக்கு வரும்; முதல் வருசம் கிளிஃப், அது முடியுமட்டும் ஒண்டும் வராது, பிறகு மாசாமாசம். காலாவதி 10 வருசமாம். அடுத்த மாசம் ரிசைன் பண்ணப் போறன். ஆறுதலாக் காசு சேர்த்து வாங்கலாம்தானே?

நல்லூரான்: ஓம் தம்பி. வெஸ்ட் ஆனது உம்மட சொத்து, ஒருத்தரும் தொட ஏலாது. 10 எண்டா 10தான்.

பழைய_கணக்கர்: அண்ணை, அந்த 10 வருசம் வேலையில இருக்குமட்டும்தான். வேலை நிண்ட பிறகு எவ்வளவு நாளுக்குள்ள வாங்க வேணும் எண்டதைக் கம்பனியின்ர ஒப்ஷன் திட்ட ஆவணத்தில தனியாப் போட்டிருப்பினம். கடிதத்தில "திட்டத்துக்கு உட்பட்டது" எண்டு ஒரு வரியோட விட்டிடுவினம். அனேகமா 90 நாள். தம்பி, உமக்கு மாசம் 100 வெஸ்ட் ஆகுது, 26 மாசத்துக்கு 2,600. மிச்சம் 2,200 கடைசி நாளோட போச்சு. 2,600ஐ வாங்க 1,300 டொலர் அந்த 90 நாளுக்குள்ள கட்ட வேணும். வெளிநாட்டுக்குக் காசு அனுப்புறதை வங்கியில முதலே கேட்டு வையும்.

சுன்னாகம்_பிள்ளை: என்னை 11ஆம் மாசம் அவையளே நிப்பாட்டினவை. ஒரு ஒப்ஷனும் கிடைக்கேல்லை. இது ஞாயமோ?

பழைய_கணக்கர்: கிளிஃப்புக்கு முந்தி எண்டா, விலகினாலும் விலத்தினாலும் அனேகமா ஒண்டுதான் பிள்ளை. ஞாயத்தை நான் சொல்லேல்லை.

நல்லூரான்: சரி, 90 நாள் எண்டா உடன கட்டி வாங்கும் தம்பி. விட்டா விசர்த்தனம்.

இணுவில்_வாணி: விக்க ஏலாத பங்குக்கு ஏன் காசு கட்டுவான்? நாளைக்குக் கம்பனி விலைப்பட்டாலும் முன்னுரிமைப் பங்கு வச்சிருக்கிற முதலீட்டாளர்தான் முதல் எடுப்பினம். மிஞ்சினால்தான் எங்களுக்கு. நானெண்டா விட்டிடுவன்.

நல்லூரான்: அப்பிடி விட்டவை பிறகு அழுததும் தெரியும்.

பழைய_கணக்கர்: வாங்கிறதோ விடுறதோ எண்டு இப்பவே முடிவெடுக்கத் தேவையில்லை. 90 நாள் எண்டது அமெரிக்க வரிச் சலுகை ஒண்டில இருக்கிற 3 மாச எல்லையைப் பாத்து வந்த பழக்கம். அங்க வரி கட்டாதவருக்கு அந்தச் சலுகையால பிரயோசனமில்லை. அதைச் சொல்லி நாளை நீட்டித் தரக் கேளும். இயக்குநர் சபை சம்மதிச்சு, எழுத்தில, கடைசி நாளுக்கு முந்தி வர வேணும். மனேச்சர் வாயால சொன்னதை நம்பிப் போகாதையும்.

கொக்குவில்_கோடர்: 90 நாள் ரிசைன் கடிதம் குடுத்த நாளில இருந்தோ? நோட்டிஸ் மாசத்து 100 வருமோ?

பழைய_கணக்கர்: வழக்கமா கடைசி வேலை நாளில இருந்து. ஆனா நோட்டிஸ் காலத்தைச் சேவையாக் கணக்கெடுக்காத திட்டங்களும் இருக்கு. "சேவை முடிவு" எண்டதுக்கு உம்மட திட்டத்தில என்ன எழுதியிருக்கு? கடிதத்தில வெஸ்டிங் தொடங்கின திகதியையும் பாரும்.

கொக்குவில்_கோடர்: திகதி பாத்தன். வேலைக்குச் சேர்ந்து 3 மாசம் பிந்திப் போட்டிருக்கினம்.

பழைய_கணக்கர்: அப்ப 23 மாசம்தான். 2,300 ஒப்ஷன், 1,150 டொலர். 2,600 எண்டதை மறந்துவிடும்.

கொக்குவில்_கோடர்: திட்ட ஆவணம் என்னட்டை இல்லை, தரேல்லை. கேட்டு மெயில் போட்டிருக்கிறன்.

இணுவில்_வாணி: அது கைக்கு வருமட்டும் ரிசைன் கடிதத்தைக் குடுக்காதையும்.