"சரக்கு சரியில்லை, பணம் தர மாட்டேன்" என்கிறார்: என்ன பதில் எழுதுவது?

ஆத்தூர் மில்:
இந்தூர் மொத்த வியாபாரிக்கு ஜவ்வரிசி, 90 கிலோ மூட்டை 100 அனுப்பினோம். பில் 4,50,000 ரூபாய், 30 நாள் கடன். ஈரம் 12 சதவீதத்துக்குள் என்று பேச்சு. சரக்கு இறங்கி 19-ஆம் நாள் வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது: "மால் மஞ்சள், ஈரம் 15. முப்பத்தெட்டு மூட்டை வித்துப் போச்சு, மீதி 62 இருக்கு, எடுத்துக்கிட்டுப் போங்க, பணம் கிடையாது." சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு எங்களுக்கு உண்டு. என்ன பதில் எழுதுவது?

செவ்வாய்ப்பேட்டை மண்டி:
தம்பி, முதலில் ரேட்டைப் பாருங்க. நீங்கள் பில் போட்ட பிறகு மூட்டைக்கு இருநூறு முந்நூறு இறங்கியிருந்தால் இது தரப் பிரச்சினையே இல்லை. ரேட் இறங்கினால் தூரத்து வியாபாரிக்கு ஜவ்வரிசி மஞ்சளாகத்தான் தெரியும். எழுத்து, வக்கீல் எல்லாம் வேண்டாம். புரோக்கரை வைத்துப் பேசி, மூட்டைக்கு 200 தள்ளி, மீதியை வாங்கிக்கொண்டு முடித்துவிடுங்கள். நோட்டீஸ் அனுப்பினால் அடுத்த நவராத்திரி சீசனுக்கு அந்த ஊர் ஆர்டரே வராது.

உத்யம் நண்பன்:
அண்ணா சொல்வது பழைய காலம். எம்எஸ்எம்இ சட்டத்தில் வாங்குபவர் 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்ல வேண்டும். இவர் சொன்னது 19-ஆம் நாள். அதோடு கதை முடிந்தது. பதிலே போட வேண்டாம். 30 நாள் முடிந்ததும், சிறு தொழில்களின் பாக்கித் தகராறை விசாரிக்கும் ஃபெசிலிடேஷன் கவுன்சிலில் நேராக மனு போடுங்கள். ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. தானாகப் பணம் வரும்.

சங்ககிரி கணக்காளர்:
பாதி சரி. 2006-ஆம் ஆண்டு சட்டத்தில் அந்த 15 நாள் இருப்பது உண்மைதான். அதற்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால் சரக்கு இறங்கிய நாளையே ஏற்றுக்கொண்ட நாளாக எடுத்துக்கொண்டு, பணம் கட்டும் கெடுவை அங்கிருந்து எண்ணுவார்கள். வட்டிக் கணக்குக்கு அது பெரிய பலம். ஆனால் தரம் பற்றி அவர் இனி வாயே திறக்க முடியாது என்று அதற்கு அர்த்தம் இல்லை. கவுன்சில் விசாரணையிலேயே வாங்குபவர் எதிர்க்கோரிக்கை வைக்கலாம் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கே அவர் முதலில் எடுத்துக் காட்டப்போவது உங்கள் மௌனத்தைத்தான்: "நான் குறை சொன்னேன், அவர் ஒரு வார்த்தை மறுக்கவில்லை."

அதனால் பதில் இன்றைக்கே போக வேண்டும். வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் சேர்த்து அனுப்புங்கள். போனில் மட்டும் பேசி விட்டுவிடாதீர்கள்.

அவருடைய செய்தியிலேயே உங்களுக்கு வேண்டியது இருக்கிறது. 38 மூட்டை விற்றுப் போய்விட்டது என்று அவரே எழுதியிருக்கிறார். 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவுப்படி, இறங்கிய சரக்கைத் தன் சொத்துபோல விற்றுவிட்டால் ஏற்றுக்கொண்டதாகிவிடும். ஒரே பேச்சு, ஒரே பில், ஒரே லாட் என்று பிரிக்க முடியாத வியாபாரமாக இருந்தால், ஒரு பகுதியை ஏற்ற பிறகு மீதியைத் திருப்பித் தள்ள முடியாது என்கிறது 13-ஆம் பிரிவு. அதற்கப்புறம் அவருக்கு மிஞ்சுவது, தரம் குறைந்த அளவுக்கு விலையில் கழிக்கக் கேட்பது மட்டும்தான். "பணமே கிடையாது" என்பது அங்கே நிற்காது. அந்தச் செய்தி வந்த போனை மாற்றாதீர்கள், உரையாடலை அழிக்காதீர்கள்.

ஏற்காடு மிளகு:
எனக்கும் இதேதான் நடந்தது சார். லிட்டருக்கு 550 கிராம் எடை என்று பேசி மிளகு கொடுத்தேன். கொச்சி வியாபாரி 520தான் நிற்கிறது என்று முழு லோடையும் திருப்பினார். லாரி வாடகை என் தலையில். நான் கவுன்சிலுக்குப் போகலாம் என்றால், தோட்ட விவசாயம் உத்யமுக்குள் வராது என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே மீதி 62 மூட்டையை உடனே திருப்பி எடுத்து வேறு யாருக்காவது தள்ளிவிடுங்கள். குடோனில் கிடந்தால் இன்னும் கெடும்.

சங்ககிரி கணக்காளர்:
உங்கள் விஷயம் வேறுங்க. உங்கள் வியாபாரி ஒரு மூட்டைகூட விற்காமல் முழுதாகத் திருப்பினார். இங்கே இவர் 38 விற்றுவிட்டார். லாரி அனுப்பி 62-ஐ எடுத்தால், அவர் தள்ளியதை நாமே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். கிரெடிட் நோட்டும் அப்படித்தான். பேச்சு முடியும் முன் ஒரு ரூபாய்க்குக்கூடப் போடக் கூடாது. "பார்த்துச் செய்கிறோம்", "அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்று எழுதுவதும் வேண்டாம். நமக்கு அது மரியாதை வார்த்தை, எதிர்த்தரப்பு வக்கீலுக்கு ஒப்புதல்.

குடோன் பக்கம்:
நான் வாங்கும் பக்கம் பல வருடம் சரக்குப் பார்த்தவன். எல்லோரும் வியாபாரியைத் திருடன் என்றே பேசுகிறீர்கள். தைத்த மூட்டையை இறங்கிய அன்றே யாரும் நூறையும் பிரித்துப் பார்ப்பதில்லை. மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாத குறை இருந்தால், சாம்பிள் காட்டி விற்றவரே பொறுப்பு என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. மழை நாளில் களத்தில் சரியாகக் காயாத ஜவ்வரிசி மில்லிலிருந்தே ஈரத்தோடு வருவது எனக்குத் தெரியும்.

ஈரம் யாருடையது என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி, மூட்டையைத் தராசில் வைப்பது. 90 கிலோவில் 12 சதவீதம் ஈரம் என்றால் காய்ந்த பொருள் 79.2 கிலோ. அதே மூட்டை குடோனில் ஈரம் இழுத்து 15 சதவீதத்துக்குப் போனால் எடை 93 கிலோவைத் தாண்ட வேண்டும். 15 காட்டியும் எடை 90-லேயே நின்றால், அது மில்லை விட்டுக் கிளம்பும்போதே ஈரமாக இருந்த சரக்கு. சாக்கு எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். உங்கள் மில் தராசு சரியாக இருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும்.

சங்ககிரி கணக்காளர்:
நல்ல யோசனை, கடிதத்தில் அதையும் சேர்த்துவிடலாம். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"தங்கள் செய்தி கிடைத்தது. சரக்கு இறங்கி 19 நாள் கழித்து, 38 மூட்டை விற்ற பிறகு வந்த மறுப்பை நாங்கள் ஏற்கவில்லை. மீதி 62 மூட்டையை விற்காமல், தரையில் கட்டை போட்டுத் தனியாக அடுக்கி வைக்கவும். ஈரம் 15 என்ற சோதனை எந்த மூட்டையில், எந்த நாளில், எந்தக் கருவியில் எடுத்தது என்ற விவரமும், மூட்டையின் லாட் குறி தெரியும் படமும் அனுப்பவும். எங்கள் ஆள் வந்து இருவர் முன்னிலையில் எடை போட்டு, சாம்பிள் எடுத்து, மூன்று பங்காக முத்திரை வைத்து, ஒன்று உங்களிடம், ஒன்று எங்களிடம், ஒன்று என்ஏபிஎல் அங்கீகாரம் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பலாம். ஏழு நாளுக்குள் தேதி சொல்லவும். விற்ற 38 மூட்டைக்கான 1,71,000 ரூபாயைக் கெடு நாளில் செலுத்தவும். முழுத் தொகைக்கான எங்கள் உரிமையை இதனால் விட்டுக்கொடுக்கவில்லை."

இதில் கோபமோ மிரட்டலோ இல்லை. அவர் தேதி கொடுத்தால் உண்மை தெரியும். கொடுக்காவிட்டால், சோதனைக்கு ஒத்துவராதவர் என்பது பதிவாகிவிடும்.

உத்யம் நண்பன்:
முழுத் தொகையும் வரவேண்டியிருக்கும்போது 38-க்கு மட்டும் ஏன் கேட்கிறீர்கள்? 62-ஐ விட்டுக்கொடுத்த மாதிரி இருக்கிறது. அதுபோக, பில்லின் ஜிஎஸ்டி உள்ளீட்டு வரவை அவர் எடுத்திருந்தால் சரக்கை ஏற்றதாகத்தானே அர்த்தம்?

சங்ககிரி கணக்காளர்:
கடைசி வரி அதற்காகத்தான். தகராறே இல்லாத பகுதியைக்கூட ஒருவர் தராவிட்டால் அவர் நோக்கம் தெளிவாகிவிடும். உள்ளீட்டு வரவு எடுத்தது சரக்கு கைக்கு வந்ததற்குச் சாட்சி, தரத்தை ஏற்றதற்குச் சாட்சி இல்லை. அதைத் துணையாகக் காட்டலாம், அதை மட்டும் நம்ப முடியாது. இன்னொன்று, உத்யம் பதிவு பில் தேதிக்கு முன்பே இருந்ததா, மில் என்ற உற்பத்திப் பிரிவில் இருக்கிறதா என்று பாருங்கள். வாங்கி விற்கும் வியாபாரியாகப் பதிந்திருந்தால் இந்தத் தாமத வட்டிப் பாதுகாப்பு கிடைக்காது.

ஆத்தூர் மில்:
உற்பத்தியாகத்தான் இருக்கிறது, பதிவும் பழையது. கடிதம் அன்றே அனுப்பினேன். நான்காம் நாள் தேதி கொடுத்தார், எங்கள் மேஸ்திரி போய்வந்தார். பத்து மூட்டை எடை போட்டதில், சுவரை ஒட்டி அடுக்கியவை சாக்கு நீங்கலாக 92.5, 93 என்று நிற்கின்றன. நடு அடுக்கில் இருந்தவை 90-ஐ ஒட்டியே இருக்கின்றன. அவற்றில் கருவி 12-க்குக் கீழேதான் காட்டியது. வெளிச் சுவரில் ஓதம் ஏறியிருந்ததைப் படம் எடுத்து வந்திருக்கிறார். ஆனால் நிறம் கொஞ்சம் மங்கல்தான், நடு மூட்டையிலும். நாங்கள் மில்லில் எடுத்து வைத்த லாட் சாம்பிள் அதைவிட வெள்ளையாக இருக்கிறது. அந்த சாம்பிள் கவரில் அவர் கையெழுத்து இல்லை.

குடோன் பக்கம்:
அப்போ ஈரம் அவர் பொறுப்பு. நிறம் வேறு கதை. உள் அடுக்கிலும் மங்கல் என்றால் ஓதம் காரணம் இல்லை. கிழங்குத் தோல் முழுதாகப் போகவில்லையா, பால் தொட்டியில் அதிக நேரம் நின்றதா, வறுக்கும்போது சூடு ஏறியதா என்று உங்கள் பக்கமும் பாருங்கள். அந்த லாட்டில் வேறு யாருக்காவது போயிருந்தால் அவர்களிடம் கேளுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை மண்டி:
இதைத்தான் முதலிலேயே சொன்னேன். நிறத்துக்கு மூட்டைக்கு 100 தள்ளி முடியுங்கள்.

சங்ககிரி கணக்காளர்:
இப்போது தள்ளினால் நானும் குறுக்கே நிற்க மாட்டேன், ஏனென்றால் எதற்காகத் தள்ளுகிறோம் என்று தெரிகிறது. 62 மூட்டைக்கு மட்டும், மூட்டைக்கு 100 என்றால் 6,200 ரூபாய். மீதி 4,43,800 குறிப்பிட்ட தேதிக்குள் வங்கியில் வந்தால்தான் இந்தக் கழிவு, வராவிட்டால் முழு பில்லும் வட்டியோடு, இந்த பில்லைப் பற்றி இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று அவர் எழுதிக் கொடுக்க வேண்டும். பணம் ஏறிய பிறகே கிரெடிட் நோட்.

உத்யம் நண்பன்:
ஒரு ரூபாய்கூடத் தள்ளக் கூடாது என்பதே என் கருத்து. நிறத்துக்கு அளவு எதுவும் பேசவில்லையே, எதை வைத்துக் குறை என்கிறார்?

ஆத்தூர் மில்:
பில்லில் "நல்ல வெள்ளை" என்று போட்டிருக்கிறோம். அதற்கு என்ன அளவு என்று இருவருமே பேசிக்கொள்ளவில்லை. ஆய்வக முடிவு வரட்டும், அதுவரை கழிவு பற்றி வாய் திறக்கப் போவதில்லை. 38 மூட்டைப் பணம் கேட்டு நாளை நினைவூட்டல் அனுப்புகிறேன்.