தரவு கசிந்திருக்கலாம் என்று வாடிக்கையாளர்களுக்கு எப்படி எழுதுவது? வரைவைப் பார்த்துச் சொல்லுங்கள்

நான் வேலை பார்க்கும் சிறிய ஆன்லைன் சேலைக் கடையில், ஆர்டர் பேக்கப் ஃபைல் ஒன்று 45 நாள் யாரும் திறக்கும்படி கிடந்திருக்கிறது. நேற்று காலை மூடிவிட்டோம், மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன்னுக்கும் 6 மணி நேரக் கெடுவுக்குள் தெரிவித்துவிட்டோம். அதில் சுமார் 4,000 பேரின் பெயர், போன் நம்பர், முகவரி, வாங்கிய பொருள் இருந்தன. கார்டு விவரமும் பாஸ்வேர்டும் அதில் இல்லை.

சிக்கல் என்னவென்றால், ஃபைலை யார் திறந்தார்கள் என்று காட்டும் லாக் எங்களிடம் கடைசி 30 நாளுக்கு மட்டும்தான் இருக்கிறது. அதில் வெளியாள் யாரும் இறக்கியதாகத் தெரியவில்லை, அதனால் "யாரும் எடுக்கவில்லை" என்றே போடலாம் என்கிறார் முதலாளி. முதல் 15 நாளுக்கு லாக்கே இல்லாதபோது அப்படி எழுத எனக்கு மனசு வரவில்லை.

என் வரைவு இது:

"உங்கள் பெயர், போன் நம்பர், முகவரி, ஆர்டர் விவரம் வெளியாட்கள் கையில் போயிருக்கலாம். 45 நாளில் முதல் 15 நாளுக்கு எங்களிடம் பதிவு இல்லை. நீங்கள் வாங்கிய சேலையைச் சரியாகச் சொல்லி, ரீஃபண்ட் தருகிறோம் என்று யாராவது அழைத்தால் நம்பாதீர்கள். ஓடிபி சொல்லாதீர்கள், ரீஃபண்டுக்கு யுபிஐ பின் தேவையே இல்லை. பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழையுங்கள்."

லிங்க் வேண்டுமென்றே வைக்கவில்லை, மோசடிக்காரர்களும் இதே மாதிரி லிங்க்தான் அனுப்புவார்கள். அப்புறம், நிறுவனங்கள் எஸ்எம்எஸ் அனுப்பத் தேவையான டிஎல்டி டெம்ப்ளேட் ஒப்புதல் வரும்வரை காத்திருக்காமல் மெயிலை இன்றே அனுப்பிவிடலாமா? இப்படி அனுப்பிய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், இன்று மாலைக்குள் முடிவெடுக்க வேண்டும்.