தாங்கித் தண்ணீருக்கு எந்த ஷவர் சரிவரும்?

வணக்கம். கிளிநொச்சியில் எங்கள் வீட்டுத் தாங்கியின் அடி, ஷவர் தலையை விட 6 அடிதான் உயரம். கணக்குப் பார்த்தால் தாங்கியில் தண்ணீர் குறைந்த நேரம் அழுத்தம் 0.2 பார் கூட வராது. ஆசைப்பட்டு வாங்கிய 8 அங்குல மழை ஷவரின் பெட்டியிலோ குறைந்தது 1 பார் வேண்டும் என்று இருக்கிறது. அதை நான் பூட்டிய பிறகுதான் வாசித்தேன்! நடுவில் மட்டும் சொட்டுகிறது.

தலையைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் 10 லீற்றர் வாளி ஒரு நிமிடத்தில் நிரம்புகிறது. பூட்டினால் மூன்று நிமிடம். ஆகவே குழாயில் அடைப்பில்லை, தலைதான் தடை. உள்ளே இருந்த நீர்க்குறைப்பு வளையத்தையும் எடுத்துப் பார்த்தாயிற்று, பெரிய வித்தியாசமில்லை.

3 அங்குலத்தில், குறைந்த ஓட்டைகள் உள்ள சின்னத் தலை போடலாமா? எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், கேத்தலே வெள்ளையாகிறது. தேய்த்துக் கழுவ ரப்பர் முனை நல்லதா? தாங்கித் தண்ணீரில் பாவிப்பவர்கள் சொல்லுங்கோ. பம்ப் வேண்டாம், அடிக்கடி கரண்ட் போகிறது.